பாப்பா பள்ளிக்கூடம் போவதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கப்பா மஞ்சள் நடவுக்கு ஆள் சொல்லிவிட்டு வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் வலி பரவாயில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் நீ போனை வாங்கிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் முதல் நாள் குழந்தைகளைக் கையில் வாங்கியவள், அதைப் பற்றியாவது நான் சொல்லலாம் இல்லையா?

பாப்பா அந்தச் சென்னிமலைப் போர்வையை இழுத்துக்கொண்டே வீடு முழுக்க நடக்கிறாள் என்று சொன்னாயே, அதை விடச் சொல்லித் திட்டாதே. பெரிய பெண்ணாகிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். அந்தப் போர்வையில் வீட்டு வாசனை இருக்கிறது, உன் வாசனை இருக்கிறது. நீ பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவள் உன்னைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. போர்வையை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாதுதான். அதனால் அதிலிருந்து ஒரு துண்டு எடுக்க வேண்டும்.

அவள் விரலால் தேய்க்கும் மூலையில் கை வைக்காதே. அது அவளுடையது. கால்மாட்டுப் பக்கத்தில் வெட்டு. அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ‘பள்ளிக்கூடத்துக்கு ஒரு குட்டிப் போர்வை செய்யலாமா’ என்று கேட்டுவிட்டு வெட்டு. தூங்கும்போது வெட்டி, காலையில் அவள் பார்த்தால் அழுகை அங்கேயே ஆரம்பித்துவிடும். ஒரே அளவில் இரண்டு துண்டு வேண்டும். மடித்துத் தைத்தபின் நான்கு விரல் அகலம் இருந்தால் போதும், சட்டைப்பையிலிருந்து வெளியே தெரியாது. நான்கு பக்கமும் மடக்கித் தைத்துவிடு. நூல் பிரிந்து தொங்கினால் குழந்தைகள் அதை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொள்வார்கள், விரல் நீலம் பாய்ந்துவிடும். பொத்தான், மணி என்று எதையும் தைக்காதே. மூக்கில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

இரண்டு எதற்கு என்றால், ஒன்று கண்டிப்பாகத் தொலையும். தொலைந்த பிறகு புதிதாகத் தைத்துக் கொடுத்தால் வாங்க மாட்டாள், மொடமொடப்பும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாளிலிருந்தே மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகப் பழசாகும். துவைக்கும்போதும் ஒரு சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை மற்றது. சோப்பை மாற்றாதே. தைத்து முடித்ததும் கொஞ்ச நாள் இரண்டையும் உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கு. நீ தூங்குகிறாயா? போனில் உன் குரல் தூங்காத குரலாக இருக்கிறது.

இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பித்துவிடு. முதல் நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் துணியைக் கையில் திணித்தால் அது வெறும் துணிதான். அதற்கு முன்னால், அந்தத் துணியைக் கையில் வைத்திருந்தபோது அம்மா போனாள், அம்மா சொன்னபடி திரும்பி வந்தாள் என்று அவளுக்குப் பழகியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் துணியோடு உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போய் வா. போகும்போது சொல்லிவிட்டுப் போ. முதலில் பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். மூன்றரை மணிக்கு வருவேன் என்றால் அந்த வயதில் புரியாது. நாங்கள் அங்கன்வாடியில் ‘முட்டை சாப்பிட்டு, தூங்கி எழுந்தா அம்மா’ என்போம். அவள் பள்ளிக்கூடத்தில் எதற்குப் பின் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு அப்படியே சொல்.

சொல்லாமல் மட்டும் போகாதே, கண்ணு. ஒரு பையன் தாத்தாவின் துண்டோடு வந்தான். நீளத் துண்டு. அதில் கால் இடறி விழுவான், மற்றப் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள். நாங்கள் பிடுங்கவில்லை. முதல் வாரம் தோளிலேயே இருந்தது. அப்புறம் ஆணியில் அவன் கைக்கு எட்டும்படி மாட்டினோம், அப்புறம் அதில் ஒரு முனையை மட்டும் வெட்டிச் சட்டைப்பையில் வைத்தோம். நன்றாகத்தான் தேறி வந்தான். ஒருநாள் அவன் அப்பா, அவன் விளையாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மெதுவாக நழுவிப் போய்விட்டார். அழாமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மறுநாள் வாசலிலேயே அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை, துண்டை வீசி எறிந்துவிட்டான். கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடும் என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் எந்தத் துணியும் உதவாது. அவனைத் திரும்பத் தேற்றுவதற்குள், முதலில் ஆனதைவிட அதிக நாள் ஆகிவிட்டது. கடைசியில் ஒருநாள் துணியை மணலில் போட்டுவிட்டுத் தேடாமலேயே வீட்டுக்குப் போனான். சரி, இனி இவனுக்கு அது வேண்டாம் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். பாப்பாவும் அப்படித்தான் தானாக விடுவாள். நீயாக நிறுத்தாதே.

வாசலில் நிற்பது கொஞ்ச நேரம்தான் இருக்க வேண்டும். ஒரு முத்தம், ‘சாப்பிட்டுத் தூங்கி எழுந்தா அம்மா வருவேன்’, டீச்சர் கையில் விட்டுவிடு. அழுதால் திரும்பி ஓடி வராதே. நீ திரும்பி வந்தால், இன்னும் அழுதால் அம்மா வருவாள் என்று அவள் கற்றுக்கொள்வாள். உன் கண் கலங்கினால் அதையும் படித்துவிடுவாள். மற்றவர் முகம் பார்ப்பதில் அவள் உன்னைப் போலவே. சின்ன வயசில் உன்னிடம் எதையும் மறைக்க முடியாது. இப்போது நீ எங்களிடம் மறைக்கப் பழகிவிட்டாய்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சுருக்குப்பை அனுப்புகிறேன். என் ஜாக்கெட் துணியில் மிச்சம் இருந்ததில் தைத்தது. உள்ளே கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி நானே படம் போட்ட சீட்டுகள் இருக்கின்றன. தோசைக்கல், பார்க் ஊஞ்சல், மாடியில் துணி எடுப்பது, நம் ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி என்றால் அன்றைக்குப் பொழுதோட எனக்கு வீடியோ கால் போட வேண்டும், நான் கட்டுத்தறிக்குப் போய்க் காட்டுவேன். தினமும் காலையில் தலை பின்னியதும் பாப்பா ஒரு சீட்டை எடுக்கட்டும். அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பள்ளிக்கூடம் போவதா வேண்டாமா என்று அவளால் முடிவு செய்ய முடியாது, இதையாவது அவள் முடிவு செய்யட்டும். சீட்டை நீ உன் கைப்பையில் வைத்துக்கொள். துணி அவளிடம், சீட்டு உன்னிடம். கூப்பிடப் போகும்போது வாசலிலேயே சீட்டைக் காட்டி, வீட்டுக்கு வந்ததும் அதைச் செய்துவிடு. யார் கூட்டிவரப் போகிறார்கள் என்று நீ இன்னும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் சீட்டு அவர் கையில் இருக்க வேண்டும்.

அழாமல் போனால்தான் சீட்டு என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. அழுதாலும் உண்டு. பொம்மை, மிட்டாய் என்று மாற்றாதே. அப்புறம் நாளைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று கேட்பாள், பள்ளிக்கூடம் வியாபாரமாகிவிடும். சாயங்காலம் ஒன்று நிச்சயமாக இருக்கிறது என்று காலையிலேயே அவளுக்குத் தெரிய வேண்டும். அதனால் உன்னால் அன்றைக்குச் செய்ய முடியாததை முந்தின ராத்திரியே பையிலிருந்து எடுத்துவிடு. மீட்டிங் இருக்கிற நாளில் ஊஞ்சல் சீட்டு உள்ளே இருக்கக் கூடாது. ஒரு தடவை தவறினால்கூட மறக்க மாட்டாள்.

ஒரு சீட்டை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். மாப்பிள்ளையோடு வண்டியில் போவது போல வரைய நினைத்தேன். பென்சிலை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். வரையலாமா வேண்டாமா என்று உனக்குத்தான் தெரியும். செய்ய முடியாததைப் பையில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் வேறு ஏதாவது மாறியிருந்தால் அதை வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. என்னிடம் சொல்ல வேண்டாம், டீச்சரிடம் சொல். ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் வந்தால் குழந்தை துணியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். காரணம் தெரியாத டீச்சர் அதை அடம் என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார். துணி சட்டைப்பையில் இருக்கும், கேட்டால் எடுத்துக்கொள்ள விடுங்கள் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்.

‘அழுதாளா’ என்று டீச்சரைக் கேட்காதே, எல்லாக் குழந்தையும் அழும். நான் போய் எவ்வளவு நேரம் அழுதாள், மதியம் சாப்பிட்டாளா, யார் பக்கத்திலாவது போய் உட்கார்ந்தாளா என்று கேள். நீ மறைந்த கொஞ்ச நேரத்தில் அடங்கி, சாப்பிட்டு, விளையாடினால் காலை அழுகையைப் பெரிதாக எடுக்காதே. முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன பிள்ளை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அழ ஆரம்பிப்பதும் உண்டு. இது தினமும் வரும் என்று அப்போதுதான் அதற்குப் புரிகிறது. லீவு முடிந்த திங்கட்கிழமையும் அப்படித்தான். ஆனால் பள்ளிக்கூட நாள் காலையில் மட்டும் வயிற்று வலி என்பது, சாப்பிடாமல் இருப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, இவை குறையாமல் நான்கு வாரம் போனால் துணியும் சீட்டும் போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். ராத்திரியில் எழுந்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறாள் என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதையும் டாக்டரிடம் சொல்.

நீ தனியாக இவ்வளவு தூரத்தில் வேலையையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் வளர்ப்பதை இங்கே எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். தனியாக என்று எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

முதல் இரண்டு வாரத்துக்கு நான் அங்கே வந்து இருக்கட்டுமா? நடவை உங்கப்பா பார்த்துக்கொள்வார், நான் கேட்டுவிட்டேன். காரணம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ‘வாங்கம்மா’ என்று ஒரு மெசேஜ் போடு, கோபியிலிருந்து ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன். வராவிட்டாலும் பாப்பாவின் சட்டைப்பை அளவை அனுப்பு. நான்கு விரல் நுழையாவிட்டால் இன்னும் சின்னதாகத் தைக்க வேண்டும்.

அம்மா