அப்பாவின் கண்ணும் காதும்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காய்கிறது. ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. சென்னிமலை அத்தைக்கு மூட்டுவலி இப்போது தேவலை. நீ போன் செய்து நாளாகிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்.

அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். புரை எடுத்து லென்ஸ் வைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தோமல்லவா? லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறதாம். பின்னால் விழித்திரையின் நடுப்பகுதி, மேக்குலா என்கிறார்கள், இரண்டு கண்ணிலும் வயதினால் தேய்ந்திருக்கிறது. அவர் எதை நேராகப் பார்க்கிறாரோ அந்த இடம்தான் மங்கலாக இருக்கும். ஓரப்பார்வை அப்படியே இருக்கும். அதனால்தான் வரப்பில் தடுமாறாமல் நடக்கிறார், கீழே கிடக்கிற மண்வெட்டியைத் தாண்டிப் போகிறார், எதிரே நிற்பது யார் என்று மட்டும் தெரிவதில்லை. பார்க்கிறவர்கள் "கண்ணு நல்லாத்தானே தெரியுது, வேணும்னே பேசாம போறாரு" என்கிறார்கள்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். நடுவில் மங்கியவர்கள் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஓரத்தால் பிடிப்பார்களாம். அப்பா என்னைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் என் காதுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்ப்பது போல இருக்கிறது. மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் அவர் ஒருவரை நன்றாகப் பார்ப்பதே அப்படித்தான். இதை நீ மனதில் வைத்துக்கொள். மாப்பிள்ளையிடமும் நிதானமாக ஒருமுறை சொல்.

காது சங்கதி உனக்குத் தெரியும். ஆனால் சத்தம் எட்டாததால்தான் கேட்கவில்லை என்று நாம் நினைத்தோம், அது பாதிதான். கனமான சத்தம் அவருக்குக் கேட்கிறது. மோட்டார் ஓடுவதும் மாடு கத்துவதும் தெரியும். மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் போய்விட்டன. பேச்சில் க, ச, ட, த, ப மாதிரி மெய்யெழுத்துகள் அதில்தான் வருகின்றன. "பல்லு" என்றாலும் "கல்லு" என்றாலும் காதுக்கு ஒன்றுபோலத்தான். ஆனால் "ப" சொன்னால் உதடு ஒட்டும், "க"வுக்கு ஒட்டாது. இத்தனை வருஷம் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது. கண் மங்கியதும் உதடும் போயிற்று. அதனால்தான் காது இந்த வருஷம் திடீரென்று மோசமானது போல நமக்குத் தெரிகிறது. ராத்திரி கரண்ட் போனால் பார், அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எதற்கும் பதில் சொல்ல மாட்டார்.

கத்திப் பேசினாலும் பலனில்லை. கத்தினால் உயிரெழுத்துதான் பெருக்கும், மெய்யெழுத்து அப்படியே நிற்கும், அதோடு அவருக்குக் காது வலிக்கிறது.

இப்போது பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆசாரத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பொழுது இறங்கும் நேரம். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் முழுக்க இருட்டு. சின்னக்காட்டைப் பற்றி அவர் கேட்டபோது உள்ளே டிவி ஓடியது, பிள்ளைகள் சத்தம் வேறு. அப்பா தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, பேசாமல் இருந்துவிட்டார். பதில் இல்லாததற்கு மேலே ஒரு அர்த்தம் நீங்கள் வைத்துக்கொண்டீர்களோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை மரியாதையான பிள்ளை, ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. நீயாவது அன்றைக்கே என்னிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். டிவியை நிறுத்துங்கள். ஒரு கை தூரத்தில், முன்பக்கமாக வந்து தோளைத் தொட்டு, "நான் அம்மிணி" என்று பேர் சொல்லி ஆரம்பி. பின்னாலிருந்து தொடாதே, திடுக்கிடுவார். முதலில் எதைப் பற்றிப் பேச்சு என்று சொல்லிவிட்டு அப்புறம் கேள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாதே, வேறு சொல் போடு. "கல்லு போட்டாச்சா" என்பது போகவில்லை என்றால் "வரப்புக்கு எல்லைக்கல் நட்டாச்சா" என்று கேட்டால் பிடித்துக்கொள்கிறார். முகமே தெரியாத போன்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டம். காலையில் எனக்குக் கூப்பிடு, நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். கூப்பிடு, அவ்வளவுதான்.

ரோடு விஷயம்தான் எனக்கு ஓயாத பயம். வெள்ளென பால் ஊற்றப் போகிறார். ஒரு காது இன்னொன்றைவிட மோசம் என்பதால் ஹாரன் கேட்டாலும் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிவதில்லை. இதுவரை தலையைத் திருப்பிக் கண்ணால் சரிபார்த்துக்கொண்டார். இப்போது அதுவும் இல்லை. சத்தமே இல்லாத பேட்டரி வண்டிகள் வேறு. போகாதே என்றால் கோபம் வருகிறது. அதனால் பால் கேனைப் பக்கத்து வீட்டுப் பையன் வண்டியில் கொடுத்துவிட்டு, தோட்டத்துக்குள் அவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறேன். படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று.

காது மெஷின் வாங்க நீ பணம் அனுப்புவதாகச் சொன்னாய். சந்தோஷம். ஆனால் காதுக்குள்ளே மறைகிற சின்னதை வாங்காதே. அதன் பேட்டரி உளுந்தளவுதான் இருக்கும், தடவிப் போட அவரால் முடியாது. கண் தெரியாமல் அந்தப் பேட்டரியை மாத்திரை என்று முழுங்கிவிடுகிறவர்கள் உண்டு என்று காது பரிசோதிக்கிற அம்மா எச்சரித்தார். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற, பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஆகிற வகை போதும். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று அடையாளம் வைத்திருப்பார்கள். அது அவருக்குத் தெரியாது. தொட்டால் தெரிகிற மாதிரி ஒன்றில் ஒரு பொட்டு ஒட்டிவிடலாம். மெஷின் போட்டதும் எல்லாம் தெளிவாகிவிடாது. பழக வாரக்கணக்காகும், கூட்டத்தில் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதற்கும் வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும்.

டாக்டர் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்திருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடுகள் திடீரென்று வளைந்து தெரிந்தால் தேய்மானம் வேறு வகையாக மாறுகிறது என்று அர்த்தம். அதற்குக் கண்ணில் ஊசி போடுவார்கள், ஆனால் தள்ளிப்போடாமல் உடனே போக வேண்டும். பல் விளக்கியதும் நான் பிடித்து உட்கார வைத்துவிடுகிறேன்.

அவர் மூளை எப்போதும் போலத்தான் இருக்கிறது, உன் அண்ணன் சொல்வதை நம்பாதே. மஞ்சள் காய்ந்துவிட்டதா என்று முன்னே ஒரு விரலியை ஒடித்து, சத்தத்தை வைத்துச் சொல்வார். நேற்று ஒடித்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். ஒடிகிறபோது விரலில் தெறிக்கிறதாம். வியாபாரி வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

மாசிக்குள் ஒரு நாள் லீவு போட்டு வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. மெஷின் பொருத்துகிற அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தால், எந்தக் குரலுக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று அங்கேயே பேசிப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றார்கள். தேதியை நீ சொல், நான் நேரம் வாங்கி வைக்கிறேன்.

அம்மா