கெல்ப் கேப்சூலை எடுத்துக் கொடுக்கும் முன்: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம். என் அக்காவுக்கு 41 வயது. போன வருடம், தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். அவளுக்கு 5.8 இருந்தது. ஆன்டிபாடி பரிசோதனையில், உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் என்று தெரிந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த இடைவெளியில், எடை கூடுகிறது, முடி கொட்டுகிறது என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறாள். “தைராய்டா? அயோடின் குறைச்சலா இருக்கும்” என்று கெல்ப் என்ற கடற்பாசியின் கேப்சூல் டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

இரண்டு மாதத்தில் முகம் வீங்கியது. குரல் கம்மியது. மதியம் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். டி.எஸ்.எச். 42.

அந்த டப்பாவில் “கெல்ப் 500 மி.கி.” என்றுதான் இருந்தது. அது பாசித் தூளின் எடை. அதில் அயோடின் எவ்வளவு என்று எங்கும் இல்லை. கடைகளில் விற்கும் கடற்பாசிகளைச் சோதித்தபோது ஒரு கிராமில் 16 மைக்ரோகிராம் முதல் ஏறக்குறைய 3,000 மைக்ரோகிராம் வரை அயோடின் இருந்திருக்கிறது. அப்படியானால் அக்கா விழுங்கிய இரண்டு கேப்சூலில் 16-ம் இருந்திருக்கலாம், 3,000-மும் இருந்திருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 150 தான். (மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் எடுக்கும் பாசியும் இதுவும் ஒன்றல்ல. கெல்ப் குளிர்கடலில் வளரும் பழுப்புப் பாசி. அயோடினை உறிஞ்சிச் சேர்த்து வைப்பதில் அதற்கு இணை குறைவு.)

அயோடின் சேர்த்த உப்பில், நம் கைக்கு வரும்போது, ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எட்டு, பத்து கிராம் உப்பு சேரும் நம் சாப்பாட்டில் அன்றைய தேவை பெரும்பாலும் நிறைந்துவிடுகிறது. அந்த உப்பு தொடரட்டும், அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் தைராய்டு மந்தம் என்றாலே அயோடின் குறைவு என்ற பழைய கணக்கு இனி பொருந்தாது. இந்த உப்பு புழங்கும் ஊர்களில் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான்.

அந்தச் சுரப்பிதான் அதிக அயோடினைத் தாங்காது. அயோடின் திடீரென்று குவிந்தால் எந்தத் தைராய்டும் ஹார்மோன் தயாரிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும். 1948-இல் உல்ஃப், சைகாஃப் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள். நல்ல சுரப்பி சில நாட்களில், அயோடினை உள்ளே இழுக்கும் வாசலைச் சுருக்கிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். ஹாஷிமோட்டோ உள்ள பலரின் சுரப்பிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கும்.

கழுத்தில் பல வருடமாகக் கட்டி உள்ள வயதானவர்களுக்கு இதற்கு நேர்மாறாக நடக்கலாம். அந்தக் கட்டி கிடைத்த அயோடினையெல்லாம் ஹார்மோனாக்கித் தள்ளும். படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம், சிலருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஆஸ்திரேலியாவில் கொம்பு என்ற கெல்ப் சேர்த்த ஒரு சோயா பால் 2009 டிசம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதைக் குடித்தவர்களில் சிலருக்குத் தைராய்டு அதிகமாகியிருந்தது, சிலருக்குக் குறைந்திருந்தது. வழக்கு 2014-இல் இரண்டரைக் கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கெல்ப் கேட்டு வருபவரிடம், தைராய்டு பிரச்சினை உண்டா, கழுத்தில் வீக்கம் உண்டா, கர்ப்பமா என்று கேளுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையின் தைராய்டுக்கும் அந்த மீளும் திறன் கடைசி வாரங்களில்தான் வருகிறது. இதில் எதற்கு ஆமாம் என்றாலும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். லேபிளில் அயோடின் மைக்ரோகிராம் கணக்கு இல்லாத டப்பாவை யாருக்கும் கொடுக்காதீர்கள். கணக்கு இருந்தால் பாருங்கள்: ஒரு நாளைக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் தரும் கெல்ப், அயோடின் மாத்திரைகள் வேண்டாம் என்று அமெரிக்க தைராய்டு சங்கம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. டாக்டர் எழுதும் கர்ப்பகால மாத்திரையில் இருக்கும் 150 மைக்ரோகிராம் வேறு விஷயம், அதைத் தடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வந்தால், அந்த டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப்போகச் சொல்லுங்கள். “வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா” என்று டாக்டர் கேட்டபோது அக்கா முதலில் இல்லை என்றுதான் சொன்னாள். அவளுக்கு அது மருந்தே இல்லை, வெறும் பாசி. நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்திருக்காவிட்டால், 42 என்ற எண்ணைப் பார்த்து ஆயுளுக்கும் தைராக்சின் எழுதியிருப்பார்கள். கேப்சூலை மட்டும் நிறுத்தினோம். ஏழு வாரத்தில் டி.எஸ்.எச். 6.1-க்கு இறங்கியது.

அன்புடன்,
ஒரு தம்பி