ஐந்து மாதச் சீலா

பாப்பா,

பொங்கலுக்கு வந்தபோது கொண்டுபோன சீலா மீன் இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது, ஓரமெல்லாம் வெளுத்துவிட்டது என்று நேற்று போனில் சொன்னாயாம். அம்மா யோசிக்காமல் "குப்பையில் போடு" என்றுவிட்டாள். இருபது வருசம் மீன் கம்பெனிக் குளிர் கிடங்கில் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

மைனஸ் 18 டிகிரியில் கிருமி வளராது. எல்லாம் சாவதும் இல்லை, மிச்சம் உறங்கும். அதனால் கட்டியாகவே இருந்த மீன் ஐந்து மாதம் ஆனாலும் உடம்புக்குக் கெடுதல் செய்யாது. நடுவில் நீண்ட நேரம் கரண்ட் போய், இளகி, மறுபடி உறைந்திருந்தால்தான் வேறு கதை. பையின் அடியில் சிவந்த தண்ணீர் ஐஸாகி, துண்டுகள் அதில் ஒட்டிக் கிடக்கிறதா என்று பார். அப்படி இருந்தால் அம்மா சொன்னபடியே செய்.

நீ பார்த்த வெளுப்பு அழுகல் இல்லை, ஈரம் போய்க் காய்ந்தது. ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகும். மீனிலிருந்து கிளம்பிய ஈரம்தான் பைக்குள் பனித்தூளாக நிற்கிறது. அந்த இடம் வெந்தால் நாராக இருக்கும். சீவி எறிந்துவிடு.

ருசியைக் கெடுப்பது கொழுப்பு. அந்தக் குளிரிலும் காற்று பட்டால் அது மெல்லக் காறும், பழைய தேங்காய் மாதிரி. அதனால்தான் சீலா, மத்தி போன்ற நெய்ப்பிடிப்புள்ள மீனுக்கு இரண்டு மூன்று மாதம், கொழுப்பில்லாத வெள்ளை மீனுக்கு ஆறேழு மாதம் என்று கணக்கு. அது ருசிக்கு வைத்த கெடு, விஷத்துக்கு இல்லை. ஆனால் உறைவதற்கு முன்பே வெயிலில் கிடந்த மத்தியை எந்த ஃப்ரீசரும் திருத்தாது. அதில் ஊறிய ஹிஸ்டமின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

இன்னொரு தப்பு, இரண்டு கிலோவை ஒரே உருண்டையாக வைத்தது. மெதுவாக உறைந்தால் ஐஸ் பெரிய பெரிய ஊசியாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். இளகும்போது தண்ணீராய் வடியும், மீன் சக்கையாகும். கம்பெனியில் மைனஸ் 40 காற்றை அடித்துச் சில மணி நேரத்தில் உறைய வைப்போம். பிறகு ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்போம். மேலே கண்ணாடி மாதிரி ஒரு தோல் பிடிக்கும், காற்று உள்ளே போகாது. வீட்டிலும் செய்யலாம்: துண்டுகளைத் தட்டில் பரப்பி உறைய வை, ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு, திரும்ப உறைந்ததும் காற்றைப் பிதுக்கிப் பையில் கட்டு.

இப்போது இருப்பதை இன்று ராத்திரி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வை, வெளியே வைக்காதே. இளகினால் உறங்கினதெல்லாம் எழுந்துவிடும். நாளைக்கு மோந்து பார். காறல் லேசாக இருந்தால் புளி தூக்கலாகக் குழம்பு வை. பொரிக்காதே, பொரித்தால் அந்த வாடைதான் முன்னால் வரும்.

அடுத்த மாதம் அம்மா வரும்போது அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதித் தருகிறேன்.

அப்பா