சின்னக்காவின் நிச்சயத்துக்கு நீ எழுதும் வாழ்த்து

அன்புள்ள தம்பிக்கு,

வாழ்த்தை அனுப்பும் முன் என்னிடம் காட்டினாயே, அதுவே பெரிய காரியம். லீவு கிடைக்காமல் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, நிச்சயப் படங்களை மட்டும் பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கு எழுதியது என்று படித்தவுடனே தெரிந்தது. பாசம் அவ்வளவும் அதில் இருக்கிறது. ஆனால் சில இடங்களில் மாற்றச் சொல்வேன். உன்னைப் போல வெளிநாட்டில் இருந்து எழுதுகிற பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய இருப்பதால், பெயர்களை எடுத்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார். சின்னக்காவின் ஃபோனுக்குத்தான் போகும், ஆனால் அங்கேயே நிற்காது. சித்தி வாங்கி வாசிப்பார். அப்புறம் பாட்டாவுக்கு வாசித்துக் காட்டுவார். பாட்டா 1956-க்கு முன்னால், நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது மலையாளப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தவர், தமிழை வாசிக்க அவருக்கு நேரம் பிடிக்கும், அதனால் யாராவது வாசிக்கக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு வாரத்துக்குள் மார்த்தாண்டத்தில் மாப்பிள்ளையின் அம்மாவும் கேட்டிருப்பார். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. நம் வீட்டுப் பையன் ஒருவன் பேசி அவர்கள் கேட்பது இதுதான் முதல் தடவை.

நான் இதை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கூடப் படித்த ஒருத்திக்கு நாகர்கோவிலில் நிச்சயம் நடந்தபோது, "கடைசியில் உனக்கும் அமைந்துவிட்டது, அம்மாவுக்கு இனி நிம்மதி" என்று எழுதினேன். சந்தோஷத்தில் வந்த வார்த்தைதான். மாப்பிள்ளை வீட்டில் ஒரு அத்தை அதை வாசித்துவிட்டு, "கடைசியில் என்றால், முன்னால் எத்தனை இடம் வந்து போச்சு?" என்று கேட்டிருக்கிறார். அவளுடைய அம்மா அதற்குப் பதில் சொல்லும்படி ஆகிவிட்டது. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார், ஆனால் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து "எப்படியோ", "ஒருவழியா", "கடைசியில்" ஆகிய மூன்றையும் நிச்சய வாழ்த்தில் எழுதுவதில்லை. நமக்கு அது பெருமூச்சு, கேட்பவருக்கு அது கணக்கு.

இப்போது உன் எழுத்துக்கு வருகிறேன். "உங்க நாலு வருஷக் கதை முழுசும் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்" என்று தொடங்கியிருக்கிறாய். உண்மைதான், அவளுக்காக நீ எவ்வளவு அலைந்தாய் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தச் சம்பந்தம் பெரியவர்கள் பேசி முடித்ததாகத்தான் இரண்டு வீட்டிலும் நிற்கிறது. பாட்டா சம்மதித்ததும் அப்படித்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது "நாலு வருஷம்" என்ற வார்த்தை காதில் விழுந்தால், தன்னை மட்டும் கடைசியாக வைத்துக்கொண்டார்கள் என்று தோன்றாதா? அந்தக் கதையை அவளிடம் தனியாக ஃபோனில் சொல்லு, இரண்டு பேரும் சிரியுங்கள்.

அடுத்தது தேதி. "மே மாசம் கல்யாணத்துக்குக் கண்டிப்பா வருவேன்" என்று போட்டிருக்கிறாய். மே என்று வீட்டுக்குள் பேச்சு இருக்கிறது, சரி. ஆனால் கோயிலில் இன்னும் முதல் ஓலை வாசிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கல்யாணம். தேதியைச் சொல்லவேண்டியது சித்தியும் மாப்பிள்ளை வீட்டாரும். அவர்கள் சொல்வதற்கு முன் உன் வாயிலிருந்து வந்தால், நமக்குத் தெரியாமல் பெண் வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்களோ என்று அங்கே ஒருவருக்காவது படும். "கல்யாணத்துக்கு வருவேன்" என்று மட்டும் எழுது, மாதம் வேண்டாம்.

"பதினாறும் பெற்று பெருவாழ்வு வாழ்க" என்று முடித்திருக்கிறாய். அந்தப் பதினாறு என்பது பதினாறு வகைச் செல்வம், பிள்ளைகள் இல்லை, தப்பான வார்த்தையே கிடையாது. ஆனால் அது பெரியவர்கள் கல்யாணத்தன்று கை வைத்துச் சொல்வது. அவளுக்கு நீ தம்பி. உனக்குப் பொருத்தம் ஜெபிக்கிறேன் என்பதுதான். "மணமக்கள்" என்பதையும் எடுத்துவிடு, அந்தப் பெயருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவரை "அத்தான்" என்றே கூப்பிடலாம், மோதிரம் மாற்றியாகிவிட்டது, அவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்பாய். அடக்கமாக எழுதுகிறேன் என்று நிறையப் பேர் கடையில் விற்கிற வாழ்த்து அட்டை மாதிரி எழுதிவிடுகிறார்கள், அதையும் நீ செய்யாதே. அவளைப் பற்றி உனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருக்கவேண்டும், ஆனால் அது அவள் மாமியார் கேட்டாலும் அவளுக்குப் பெருமையாக இருக்கவேண்டும். நான் ரொம்ப நேரம் யோசித்தேன். நீ அடிக்கடி சொல்வாயே, விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்கு சாயா கொண்டுபோன கதை, அதுதான்.

அதில் சித்தப்பாவும் வருகிறார். அவர் இல்லாமல் நடந்த நிச்சயம் இது. "சித்தப்பா இருந்திருந்தால்" என்று எழுதினால் சித்தி அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், பாட்டாவுக்கு மகன் அல்லவா. சொல்லாமலே விட்டால் அதுவும் அவர்களுக்குக் குறையாக இருக்கும். அவர் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிற மாதிரி வந்தால், எல்லாருக்கும் அவரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இப்படி எழுதிப் பார்த்தேன், உன் பேச்சுக்கு மாற்றிக்கொள்:

"அன்புள்ள சின்னக்கா, அத்தான் இரண்டு பேருக்கும். நிச்சயம் நல்லபடியாக நடந்தது என்று கேட்டு மனசு நிறைந்துவிட்டது. சித்தப்பா விடியுமுன் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பால்வெட்டப் போவார், அக்கா தூக்குவாளியில் கட்டன்சாயா எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பாள், டார்ச் பிடிக்கிறேன் என்று நானும் பின்னால் போவேன். இருட்டில் பயந்து நின்றது எப்போதும் நான்தான், அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். அத்தான், அந்தக் கை இனி உங்களோடு என்று நினைக்கும்போது ரொம்ப சந்தோஷம். உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாட்டா, சித்தி, இங்கே இருந்தாலும் நினைப்பெல்லாம் அங்கேதான். எல்லாம் நல்லபடியாக நடக்க ஜெபிக்கிறேன். கல்யாணத்துக்கு வருவேன்."

அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டு வாசி, பாட்டாவுக்கு வாசிக்கிற வேகத்தில். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடு. சனிக்கிழமை ராத்திரிக்குள் அனுப்பினால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் சித்தி வீட்டில்தான் இருப்போம், நானே வாசிக்கிறேன்.

அன்புடன்,
பெரியக்கா