மூத்தவர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை, வங்கி, ஓய்வூதிய அலுவலகம் போன்ற இடங்களில் சமூக ஊடகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலையை நானும் சில ஆண்டுகள் பார்த்தவன்தான். ஒரு மருத்துவமனையின் கண் பிரிவுக்காக போஸ்டர் போடுவது, வீடியோ எடுப்பது, வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. அதில் நான் செய்த ஒரு பெரிய சொதப்பலிலிருந்து தொடங்குகிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய பழைய நோயாளிகளுக்குக் கண் அழுத்தப் பரிசோதனை இலவசமாகச் செய்வதாக முடிவானது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் போஸ்டர் தயாரித்தேன். "இலவசம்! சில நாட்கள் மட்டுமே! உடனே பதிவு செய்யுங்கள்!" என்று போட்டு, கீழே சுருக்கப்பட்ட ஒரு லிங்க். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் என்று மூன்றிலும் ஒரே நாளில் போட்டாயிற்று. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள வராதவர்களுக்கு போன் செய்தேன். ஓர் அம்மா சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "வந்துச்சு தம்பி. ஏமாத்துக்காரங்க அனுப்புறதுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்."

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. எதையெல்லாம் கண்டால் உஷாராக இருக்க வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்களோ, அத்தனையும் என் போஸ்டரில் இருந்தன. இலவசம், அவசரம், எங்கே போகிறது என்று தெரியாத லிங்க்.

வயதானவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள் என்று நம் ஆட்கள் பேசிக்கொள்வது உண்டு. 2016 அமெரிக்கத் தேர்தலை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வையும் காட்டுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் மிக இளைய வயதுப் பிரிவினரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார்கள் என்று அதில் வருவது உண்மை. ஆனால் எல்லா வயதிலும் பெரும்பாலானவர்கள் ஒரு பொய்ச்செய்தியைக்கூடப் பகிரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

அழித்தவர்களின் கதை இது. பாதிப் பேருக்குச் செய்தி போகவே இல்லை என்பது வேறு கதை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகாது, அனுப்பிய நமக்கோ எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது போலத்தான் இருக்கும். 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனல் இதைத் தீர்க்கும் என்று நினைத்தேன். அது தனி டேபில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அறிவிப்பு ஒலியும் நாமாகப் போட்டால்தான் வரும், சாதாரணச் செய்திக்குப் போல அவர்கள் பதில் எழுதவும் வழியில்லை. குரூப் ஆரம்பித்தால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மோசடிக்காரன் ஒருவன் உள்ளே வந்தால் போதும். ஸ்டேட்டஸும் ஸ்டோரியும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பவருக்கு அவற்றால் என்ன பயன்?

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது பதிவு மேசைதான். நோயாளி வரும்போதே அவர் சம்மதத்தோடு எங்கள் எண்ணை அவர் போனில் "கண் ஆஸ்பத்திரி" என்று சேமித்து, அங்கேயே ஒரு "வணக்கம்" அனுப்பிக் காட்டினோம். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதன்பிறகு செய்தி வரும்போது அவரே கண்ணால் பார்த்துச் சேமித்த பெயர் திரையில் வருகிறது. அதைவிட நம்பகமான அடையாளத்தை நான் பார்த்ததில்லை. பெயருக்குப் பக்கத்தில் வரும் டிக் அடையாளத்தைப் பெரிதாக எண்ணாதீர்கள். எக்ஸ் தளத்தில் 2022 முதலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 2023 முதலும் அதைச் சந்தா கட்டி வாங்கலாம். போதாததற்கு, வாட்ஸ்அப்பில் நீல டிக் என்றால் "படித்துவிட்டார்" என்றுதான் பலருக்கும் பொருள்.

அப்புறம் செய்தியின் வடிவம். படத்துக்குள் எழுத்து வைக்காதீர்கள். மூத்தவர்கள் பலர் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். சாதாரண எழுத்து அதற்கேற்பப் பெரிதாகும், படத்துக்குள் இருக்கும் எழுத்து ஆகாது. இன்னொன்றும் உண்டு. சந்தேகம் வந்தால் அவர்கள் மகளுக்கோ மகனுக்கோ ஃபார்வர்ட் செய்து "இது உண்மையா?" என்று கேட்பார்கள். ஃபார்வர்ட் ஆனதும் அனுப்பியவர் பெயர் போய்விடும். அதனால் யார், எந்தத் தேதியில், எங்கிருந்து எழுதியது என்பது செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். நாங்கள் திருத்தி எழுதியது இது:

"வணக்கம். … மருத்துவமனையின் கண் பிரிவிலிருந்து எழுதுகிறோம். தேதி: 24 பிப்ரவரி 2025. எங்கள் பழைய நோயாளிகளுக்கு மார்ச் 10 திங்கள் முதல் 14 வெள்ளி வரை கண் அழுத்தம் பார்க்கிறோம். நீங்கள் முன்பு வந்த அதே கட்டடம், முதல் மாடி. கட்டணம் இல்லை. இதில் எந்த லிங்க்கும் இல்லை. ஓடிபியோ வங்கி விவரமோ கேட்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் உங்கள் மருந்து அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்குக் காலை 9 முதல் 5 வரை அழைத்துக் கேளுங்கள்."

தொலைபேசி எண்ணை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டோம். செய்திக்குள் எண் கொடுத்தால் மோசடிக்காரனும் தன் எண்ணைக் கொடுப்பான். அதை அழைத்தால் அவனே எடுத்து "ஆமாம், உண்மைதான்" என்பான். ஏற்கெனவே கையில் இருக்கும் அட்டையைப் பார்க்கச் சொன்னால் சரிபார்க்கும் வழி நம் செய்திக்கு வெளியே அமைந்துவிடுகிறது. அட்டையைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் இது உதவாது. அவர்கள் நேரில்தான் வந்து கேட்டார்கள்.

வேகத்தைப் பற்றி. முதல் செய்தி இரண்டு வாரம் முன்பே போனது, மூன்று நாள் இருக்கும்போது அதே வார்த்தைகளில் மறுபடி போனது. வார்த்தையை மாற்றினால் இது வேறு ஏதோ என்று குழம்புவார்கள். காலை பத்து மணி வாக்கில் அனுப்பினோம். இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அழைத்துக் கேட்க ஆளிருக்காது, சந்தேகம் இரவு முழுக்க வளரும். யூடியூபுக்கு எடுத்த வீடியோவில் பின்னணி இசையை நீக்கினேன். வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள் முதலில் மங்கும். 'ஸ', 'ச' போன்றவை இசைக்கு அடியில் காணாமல் போய்விடும். தேதியும் இடமும் வரும் திரையை, பேனா தேடி எடுத்து எழுதி முடிக்கும் வரை அப்படியே நிறுத்தினோம். எடிட் செய்த தம்பிக்கு அது பிடிக்கவே இல்லை.

பலன்? லைக் ஒன்றும் கூடவில்லை. போன்தான் ஓயாமல் அடித்தது. "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று கேட்டுவிட்டு வைத்தவர்களே அதிகம், அவர்களில் பலர் பிறகு வந்தார்கள். நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அந்த எண்ணில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை எங்கேஜ்டு டோன் கேட்டவர்கள் "அப்போ இது பொய்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த செய்தியை அனுப்பும் முன், உங்கள் அட்டையிலோ பாஸ்புக்கிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு ஒரு திங்கட்கிழமை காலை நீங்களே அழைத்துப் பாருங்கள். எத்தனை முறை மணி அடித்தபின் எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள், எடுப்பவருக்கு அந்தச் செய்தியைப் பற்றித் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், செய்தியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

இப்படிக்கு,
முன்பு உங்கள் நாற்காலியில் இருந்த ஒருவன்