கந்தூரி இரவில் தப்ஸ் கூடுமா? ஜமாஅத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

கந்தூரி இரவில் தப்ஸ் அடித்துப் பாடும் பைத்தும் வேண்டாம், கவ்வாலியும் வேண்டாம் என்று ஒரே வரியில் அறிவிக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். கிதாபுகள் அப்படி மொத்தமாகப் பேசவில்லை. பாட்டுக்கு ஒரு சட்டம், கருவிக்கு ஒரு சட்டம் என்று பிரித்தே சொல்கின்றன.

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான மின்ஹாஜில் இமாம் நவவி என்ன சொல்கிறார்? கல்யாணத்துக்கும் சுன்னத்துக்கும் தஃப், அதாவது நம் தப்ஸ், அடிக்கலாம். மற்ற வேளைகளிலும் கூடும் என்பதே வலுவான கருத்து. அதில் சலங்கை இருந்தாலும் சரி. ஆனால் தம்பூர், ஊத் போன்ற தந்திக் கருவிகளும், நடு ஒடுங்கிய நீள மத்தளமும் ஹராம். இடையர் புல்லாங்குழலில் இமாம் ராஃபிஈ கூடும் என்றார், நவவி கூடாது என்றார். மத்ஹபுக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கிறது.

தடைக்குக் காரணம் ஓசையின் இனிமை அல்ல. இமாம் கஸ்ஸாலி இதைத் தம் இஹ்யா நூலில் விரித்து எழுதியிருக்கிறார்: பறவைகளின் குரலும் இனிமைதான், அதை யாரும் தடுக்கவில்லை. அந்தக் கருவிகள் குடிகாரர் சபையின் அடையாளமாக இருந்ததால்தான் விலக்கப்பட்டன. பாட்டின் பொருள் கெட்டதாக இருந்தாலும், கேட்பவன் மனம் இச்சையில் இருந்தாலும் பாட்டும் கூடாது என்கிறார்.

கவ்வாலிக்காக வாதாடுவோர் டெல்லியின் சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவைக் காட்டுகிறார்கள். பக்திப் பாட்டுக் கேட்கும் ஸமாவை ஆதரித்த அந்தப் பெரியவரே தம் சபையில் இசைக் கருவிகளை ஏற்கவில்லை. ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது இல்லாவிட்டால் கவ்வாலி இல்லை என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

நம் திருநெல்வேலிச் சீமையில் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் கலந்திருக்கிறோம். ஹனஃபீ ஃபிக்ஹு தஃபில் சலங்கையை ஏற்பதில்லை. ஆகவே சலங்கை இல்லாத தப்ஸ் வைத்தால் அந்த ஆட்சேபம் எழாது. கந்தூரியே கூடாது என்பவர்களின் வாதம் வேறு. அதைத் தப்ஸின் மேல் ஏற்றிச் சொல்லாதீர்கள். எட்டயபுரத்து உமறுப்புலவரின் சீறாப்புராண விருத்தங்களைத் தாளமே இல்லாமல் ராகத்தில் இழுத்துப் பாடலாம். அதற்கு எந்த மத்ஹபின் கருவிச் சட்டமும் குறுக்கே வராது.

நடைமுறையில் கெடுவது வேறு இடத்தில். இரவு ஈரத்தில் தப்ஸின் தோல் தளர்ந்து ஓசை மங்கும். அடிப்பவர் அதை ஈடுகட்ட ஓங்கி அடிப்பார், வேகமும் கூடும், பைத்தின் சொல் அமுங்கிவிடும். கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குச் சொல் விளங்கவில்லை என்றால் அங்கே நடப்பது திக்ரு அல்ல, வெறும் அடிதான். தொடங்கும் முன்னும் இடையிலும் தணலுக்கு மேல் தள்ளிப் பிடித்துத் தோலைக் காயவைக்க வேண்டும். நெருங்கிப் பிடித்தால் தோல் வெடிக்கும்.

அறிவிப்பை இப்படி எழுதுங்கள்: இஷா ஜமாஅத் முடிந்த பிறகே தொடக்கம், சலங்கை இல்லாத தப்ஸ் மட்டும், ஓதப்போகும் பைத்துகளை ஹழ்ரத் முன்கூட்டிப் பார்க்க வேண்டும், ஒலிபெருக்கி மைதானத்தோடு நிற்க வேண்டும்.

வஸ்ஸலாம்.
பைத் ஓதும் குழுவினர்