ஷெடியூலை மாற்றுமுன் கொப்பியைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஜிம் நடத்துபவர்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்மாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜிம்மில் சேர்ந்த அன்றே ஒரு ஷெடியூல் அட்டை எழுதித் தருகிறீர்கள். இரண்டு மூன்று மாதம் போனதும் பையன் வந்து "மாஸ்டர், வெயிட் ஏறுதே இல்ல" என்று நிற்பான். நீங்களும் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்று எழுதிக் கொடுப்பீர்கள். அந்த இடத்தில்தான் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவன் சொல்வது உண்மைதானா, உண்மை என்றால் குற்றம் ஷெடியூலிலா வேறெதிலுமா என்று பார்க்க அந்த அட்டையில் ஒன்றும் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதே தவிர, அவன் என்ன செய்தான் என்று எழுத இடம் விடவில்லை.

நான் மாலை நேரம் போகும் ஜிம்மில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். ஷெடியூலை மாற்றித் தரும்படி கேட்கப் போனவரைக் கொஞ்சம் நிறுத்தி, அவருடைய கொப்பியைப் புரட்டினோம். சாதாரண சீ.ஆர். கொப்பிதான். ஒவ்வொரு நாளும் திகதி, பயிற்சி, எத்தனை கிலோ, ஒவ்வொரு செட்டிலும் எத்தனை ரெப்ஸ், பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு. எட்டு வாரக் கணக்கு அதில் இருந்தது. ஷோல்டர் பிரஸ் 40 கிலோவில் நிற்கிறது, பெஞ்ச் பிரஸ் 60 கிலோவில் நிற்கிறது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. ஸ்குவாட் மட்டும் 80இலிருந்து 90க்கு வந்திருந்தது.

முதலில் ஷோல்டர் பிரஸ். முதல் வாரம் 40 கிலோவில் 5, 5, 4. மூன்றாம் வாரம் 6, 5, 5. ஐந்தாம் வாரம் 7, 6, 5. ஆறாம் வாரம் 45 கிலோவை முயன்றிருக்கிறார், இரண்டு தரம்தான் போனது. மனம் விட்டுத் திரும்பவும் 40க்கு வந்தார். எட்டாம் வாரம் 8, 6, 6. கிலோவை மட்டும் பார்த்தால் இரண்டு மாதமாக 40தான். ரெப்ஸையும் சேர்த்துப் பார்த்தால் அவர் ஒரு வாரமும் சும்மா இருக்கவில்லை.

கிலோவும் ரெப்ஸும் வேறு வேறாக இருக்கும்போது இரண்டு நாளை எப்படி ஒப்பிடுவது? இதற்கு எப்லி சூத்திரம் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. தூக்கிய எடையை, ரெப்ஸை 30ஆல் வகுத்து 1 கூட்டி வரும் எண்ணால் பெருக்கினால், ஒரே ஒரு தரம் மட்டும் தூக்கக்கூடிய எடை ஏறத்தாழ எவ்வளவு என்று வரும். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ B நிரலில் கிலோவும் C நிரலில் ரெப்ஸும் இருந்தால் இவ்வளவுதான்:

```
=B2*(1+C2/30)
```

அன்றைய சிறந்த செட்டை மட்டும் இதில் போட்டால் போதும். தம்பியின் 40 கிலோ 5 ரெப்ஸ் 46.7 என்று வருகிறது. எட்டாம் வாரத்து 40 கிலோ 8 ரெப்ஸ் 50.7. நான்கு கிலோ ஏறியிருக்கிறார். மனம் விட்டுப்போன அந்த 45 கிலோ 2 ரெப்ஸ்கூட 48தான், அதற்கு முந்திய வாரத்தை விடச் சற்றுத்தான் குறைவு. பத்து ரெப்ஸுக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பும்படி இருக்காது. இன்னும் மூன்று தரம் தூக்க மிச்சமிருக்க நிறுத்திய செட்டுக்கும் சரிவராது. அதனால் செட் முடிந்ததும் "இன்னும் 2 போயிருக்கும்" என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே 40 கிலோ, அதே 5 ரெப்ஸ், ஆனால் போன மாதம் திணறி எடுத்ததை இந்த மாதம் இரண்டு மிச்சம் வைத்து எடுக்கிறார் என்றால் அதுவும் ஏற்றம்தான்.

சரி, அப்படியானால் அவரை 40இலேயே பிடித்து வைத்தது எது? ஜிம்மில் இருக்கும் ஆகச் சின்ன பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே பாய்ச்சலில் 5 கிலோ. ஸ்குவாட்டில் 80க்கு மேல் 5 கிலோ கூட்டுவது பெரிய காரியம் இல்லை. ஷோல்டர் பிரஸ்ஸில் 40க்கு மேல் 5 கிலோ என்பது எட்டில் ஒரு பங்கு. 45 கிலோவை 5 தரம் தூக்க வேண்டுமென்றால் எப்லி கணக்கில் 52.5 வர வேண்டும், அதாவது 40 கிலோவில் 9 அல்லது 10 ரெப்ஸ் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். 1.25 கிலோ பிளேட் ஒரு சோடி இருந்திருந்தால் ஐந்தாம் வாரமே 42.5க்குப் போயிருப்பார். இங்கே ஷெடியூலில் குற்றம் இல்லை, இரும்பில்தான் குறை.

இனி பெஞ்ச் பிரஸ். அதன் கதை வேறு. 60 கிலோவில் 8, 7, 6 என்று தொடங்கி, எட்டாம் வாரமும் 8, 7, 6. நடுவில் 7, 7, 6 ஒரு நாள், 8, 6, 6 ஒரு நாள். இது உண்மையாகவே நின்றுபோனதுதான். ஒரு நாள் இரண்டு ரெப்ஸ் குறைந்தால் அதை நின்றது என்று எடுக்கக்கூடாது. நித்திரை, சாப்பாடு, வெக்கை என்று எதனாலும் அவ்வளவு கூடிக் குறையும். புதிதாகச் சேர்ந்து ஒவ்வொரு தரமும் எடை கூட்டிக்கொண்டு போகிறவர் ஒரே எடையில் மூன்று தரம் தொடர்ந்து விழுந்தால் யோசிக்கலாம். கொஞ்சக் காலம் பழகியவருக்கு மூன்று நான்கு வாரமாவது எப்லி எண் அசையாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பக்கங்களைக் கிழமைகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளித்தது. ஷெடியூல்படி பெஞ்ச் ஞாயிறும் வியாழனும். நான் மேலே சொன்ன எண்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளுடையவை. எட்டு வியாழனில் அவர் வந்தது நான்கில்தான், வந்த நாள்களிலும் 6, 5, 5 என்றுதான் இருக்கிறது. குறிப்பில் ஒரே சொல்: "லொறி". வியாழன் பின்னேரம் கொழும்பிலிருந்து கடைக்குச் சாமான் வரும். 50 கிலோ சீமெந்து மூட்டைகளை இறக்கி அடுக்கிவிட்டு வந்து பெஞ்சில் படுத்தால் கை எங்கே எழும்பும்?

ஆக, அந்த ஷெடியூல் சரியா பிழையா என்று யாருக்குமே தெரியாது, அதில் வியாழன் பங்கில் பாதியைத்தான் அவர் செய்திருக்கிறார். ஸ்குவாட் ஏறிக்கொண்டிருந்ததால் சாப்பாட்டிலும் நித்திரையிலும் பெரிய குறை இருக்க முடியாது. வியாழனை வெள்ளிக்கு மாற்றினோம். வேறு ஒன்றையும் தொடவில்லை. தொட்டிருந்தால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. சில வாரத்தில் 60 கிலோவில் 10, 8, 8 வந்தது. எப்லி கணக்கில் 76 இருந்தது 80 ஆனது. இப்போது 65 கிலோ தூக்குகிறார்.

அன்று புது அட்டை எழுதிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பெஞ்ச் போய் டம்பெல் பிரஸ் வந்திருக்கும், அல்லது மெஷின். முதல் மூன்று நான்கு வாரம் எடை சடசடவென்று ஏறியிருக்கும். புதுப் பயிற்சி எதுவானாலும் அப்படித்தான், உடம்பு அந்த அசைவைப் பழகிக்கொள்வதாலேயே எண் கூடும். தசை அதே அளவில்தான் இருக்கும். பையனுக்குச் சந்தோஷம், மாஸ்டருக்கும் பெயர். மூன்று மாதத்தில் அதுவும் நிற்கும், திரும்பவும் அட்டை மாறும். இரண்டு வருடம் கழித்து அதே பெஞ்சில் அதே 60 கிலோவைத் திணறித் தூக்கும் ஆட்கள் நம் ஜிம்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அட்டையை மாற்றத்தான் வேண்டும் என்றாலும் ஸ்குவாட், பெஞ்ச், ஏதாவது ஒரு இழுக்கும் பயிற்சி என்று மூன்றை மட்டும் அப்படியே விட்டு வையுங்கள். அவைதான் அளவுகோல்.

ஒன்று நின்று மற்றவை ஏறினால், நின்றதைச் சுற்றித்தான் காரணத்தைத் தேட வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் குறிப்பு நிரலைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் செய்யும் ஒருவருக்கு எல்லா எண்களும் சேர்ந்தே இறங்கும். நோன்பு மாதமும் அப்படி. மார்கழி வெள்ளத்தில் பாதை மூடிய கிழமைகளில் வரவே முடியாது. இவற்றுக்கு ஷெடியூலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கிழமைக்கு ஒரு தரம் உடம்பு நிறையையும் எழுதியிருந்தால், அது இறங்கும்போது எண்ணும் நிற்பது தெரியும். இவை ஒன்றும் இல்லை, வரவும் ஒழுங்கு, ஆனாலும் எல்லாம் ஒன்றாக நிற்கிறதென்றால், ஒரு கிழமை செட்களைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எண் ஏறினால் அது களைப்பு. ஏறாவிட்டால்தான் ஷெடியூலில் கை வைக்க வேண்டும். அப்போதும் முதலில் செட் ஒன்றைக் கூட்டுவதா, நாள் ஒன்றைக் கூட்டுவதா என்று ஒரே ஒரு மாற்றம்.

கொப்பியும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிட வேண்டும். பார் நெஞ்சில் படாமல் பாதியில் திரும்பும் ரெப்ஸை எழுதினால் எண் ஏறும், ஆள் ஏறமாட்டார். இதைப் பார்க்க மாஸ்டரின் கண் வேண்டும், கொப்பியால் முடியாது. இன்னொன்று பாரின் நிறை. ஒலிம்பிக் பார் 20 கிலோ என்று எல்லோரும் அதையே கூட்டி எழுதுகிறார்கள். லேத்துக்கடையில் குழாய் வெட்டிச் செய்த பார் அந்த நிறை இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. ஒரு ஜிம்மில் இரண்டு பார் இருந்து இரண்டும் இரண்டு நிறையாக இருந்தால், எந்த நாளில் எதைத் தூக்கினார் என்பதிலேயே கணக்குக் குழம்பிவிடும். நெல் மூட்டை நிறுக்கும் தராசில் பாரையும் பிளேட்களையும் ஒரு தரம் நிறுத்து, வந்த எண்ணை பெயின்ற்றால் எழுதிவிட்டால் முடிந்தது.

ஆகவே நான் கேட்பது பெரிய செலவு ஒன்றும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் திகதி, கிலோ, செட் வாரியாக ரெப்ஸ், குறிப்பு என்று கட்டம் போட்டு அச்சடியுங்கள். அல்லது ஆளுக்கொரு கொப்பி கொண்டு வரச் சொல்லுங்கள். அட்டை மாற்றக் கேட்டு வருபவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். எழுதாமல் வருபவருக்கு, நான்கு வாரம் எழுதிக்கொண்டு வா என்று சொன்னால் குறைந்தா போய்விடும்?

1.25 கிலோ பிளேட் கட்டாயம் எடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் லேத்துக்கடையில் இரும்பு வட்டம் வெட்டித் துளை போட்டுத் தருவார்கள். பெண்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் ஜிம்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். 25 கிலோ ஷோல்டர் பிரஸ் செய்யும் தங்கச்சிக்கு அடுத்த படி 30 என்றால் அது ஐந்தில் ஒரு பங்கு பாய்ச்சல். அவருடைய கொப்பியில் மாதக்கணக்கில் 25 என்றே நிற்கும், அவரும் தன்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டு வராமல் விட்டுவிடுவார்.

கட்டம் போட்ட அட்டையின் மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்பவருக்குப் பிரதி எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பில் மாலை நேரம் ஜிம்முக்கு வரும் ஒருவன்